முக்கோணக் காணியும் நாலு குழியும்

நேற்றுக் காலை முழுக்கக் கோண்டாவில் காணியில் கயிறு பிடித்து நின்றதில் முதுகு இன்னும் நிமிரவில்லை.

ஆறு பரப்பு முதுசக் காணி. சதுரமாக இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. பூட்டனார் எந்த நேரத்தில் வாங்கினாரோ, மூன்றே மூலை. ஒழுங்கைப் பக்கம் 165 அடி, நூல் பிடித்த மாதிரி நேர். என் பக்க வேலி 202 அடி, அண்ணையின் பக்கம் 234 அடி. இரண்டும் பின்னால் ஒற்றைப் பனையடியில் போய் முட்டுகின்றன.

அண்ணை பனையடியில் குந்தினார். இரண்டு வேலியிலும் பத்துப் பத்து அடி அளந்து அடையாளம் வைத்தார். அடையாளங்களுக்கு இடையில் கயிற்றைப் பிடித்து, அதன் நடுவை எடுத்து, பனையிலிருந்து அந்த நடுவினூடாக ஒழுங்கை மட்டும் கோடு இழுத்தார்.

"மூலையைச் சரிபாதியாப் பிரிச்சாச்சு. இனி ஆருக்கும் குறை இல்லை."

மூலை சரிபாதிதான், காணி இல்லை. அப்படி இழுத்த கோடு, ஒழுங்கைப் பக்கத்தை இரண்டு வேலிகளின் நீள விகிதத்தில்தான் வெட்டும். என் பங்குக்கு 76 அடி சொச்சம், மிச்சம் அவருக்கு. சரிபாதியைவிட நாலு குழி அவர் பக்கம் கூட. நாலு குழிக்கு வாயைத் திறப்பேனா? ஆனால் அந்த நாலு குழிக்குள், ஒழுங்கை ஓரமாக, எங்கள் கறுத்தக்கொழும்பான் நிற்கிறது.

சரி என்று 165 அடிக் கயிற்றை ஒழுங்கை நெடுக இழுத்து, இரண்டாக மடித்து, 82 அடி 6 அங்குலத்தில் முளை அடித்தேன். அங்கிருந்து பனைக்கு ஒரே கோடு.

"உன்ர பக்கம் பெரிசாத் தெரியுதே?" என்றார்.

தெரியும்தான். இரண்டு துண்டும் ஒரே சாயல் இல்லை. ஆனால் இரண்டுக்கும் அடி ஒன்று, உச்சி அதே பனை, ஆகவே உயரமும் ஒன்று. அடியை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஆளுக்கு மூன்று பரப்பு. அந்த உயரத்தை அளக்கவே தேவையில்லை என்றதும் அண்ணைக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. அளந்தே காட்டினேன், வெயிலில்: 198 அடி. என் முதுகு போனது அதில்தான்.

ஒழுங்கை மூலையில் இருந்து எதிர் வேலியின் நடுவுக்கு இழுத்தாலும் சரிபாதிதான் வரும். ஆனால் ஒருவருக்குப் பாதை இருக்காது. அதை நான் வாய் தவறியும் சொல்லவில்லை. சொன்னால் பாதை இல்லாத துண்டு எனக்குத்தான்.

கடைசியில் ஒத்துக்கொண்டார். மாமரம் எனக்கு. உறுதி எழுத முதல் சேவையரைக் கூப்பிட்டுக் கல்லுப் போடுவோம் என்று பிரிந்தோம்.

இரவு சாப்பாட்டில் கை வைக்க ஃபோன்.

"தம்பி, மரம் உனக்குத்தான், சரி. கொப்பெல்லாம் என்ர பக்கம் சாஞ்செல்லோ நிக்குது. விழுற பழம் ஆருக்கு?"