முதல் வீட்டிலா, கடைசி வீட்டிலா? லைன் ஆஃப் பாலன்ஸில் நான் கோட்டைவிட்ட இடம்

நேற்று முடிவு வந்தது. கட்டுமானத் திட்டமிடல் தாளில் இரண்டாம் முயற்சியில் தேறிவிட்டேன். முதல் முறை என்னைக் கவிழ்த்தது லைன் ஆஃப் பாலன்ஸ் கணக்குதான் என்பதால், அதை மட்டும் எழுதுகிறேன். நாட்களைக் கிடையாகவும் வீட்டு எண்ணை மேல்நோக்கியும் வைத்து, குழு நிற்காமல் வீட்டுக்கு வீடு போவதை வேலைக்கு ஒரு சாய்கோடாக வரையும் முறை அது.

ஒரே மாதிரியான 10 வீடுகள். வீட்டுக்கு அஸ்திவாரம் 4 நாள், சுவர் 6 நாள், கூரை 3 நாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே குழு; வேலைகளுக்கு நடுவே 2 நாள் இடைவெளி.

அஸ்திவாரத்தைவிடச் சுவர் மெதுவான வேலை. இரு கோடுகளும் மேலே போகப் போக விலகும். ஆகவே இடைவெளியை முதல் வீட்டில் வைத்தால் போதும்: 4 + 2 = 6ஆம் நாள் சுவர் தொடங்கி, பத்தாவது வீட்டில் 66ஆம் நாள் முடிகிறது. இதுவரை சரி.

கூரைக்கும் அதையே செய்தேன். முதல் வீட்டுச் சுவர் 12இல் முடிகிறது, 2 கூட்டி 14இல் தொடக்கம். இரண்டாம் வீட்டுக்குக் கூரைக் குழு 17ஆம் நாளே வந்து நிற்கும். அங்கே சுவர் முடிவதோ 18இல்! கோடுகள் வெட்டிக்கொண்டதைக்கூடக் கவனிக்காமல் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பின்னால் வருவது வேகமான வேலை என்றால், இடைவெளியைக் கடைசி வீட்டில் வைத்துக் கீழ்நோக்கி வர வேண்டும். 66 + 2 = 68இல் பத்தாவது கூரை; அதிலிருந்து 9 × 3 = 27 நாள் பின்னே வந்தால் முதல் கூரை 41இல் தொடங்கும். மொத்தம் 71 நாள்.

ஒவ்வொரு வீட்டின் ஒவ்வொரு வேலையையும் ஒரு கட்டமாக்கி அம்புகளால் இணைக்கும் நெட்வொர்க் வரைபடத்தில் போட்டாலும் இதே 71தான் வரும். ஆனால் அது முந்தைய வேலை முடிந்ததா என்று மட்டுமே கேட்கும். கூரையை 14இல் தொடங்கிவிடும். குழு வீட்டுக்கு வீடு 3 நாள் சும்மா இருக்கும், மொத்தம் 27 நாள். முப்பது கட்டங்களுக்குள் அது கண்ணில் படாது. சாய்கோட்டில் மறைக்கவே முடியாது.

நான் பிறகு கடைப்பிடித்தவை:

- முதலில் சாய்வுகளை ஒப்பிடு. எண்கள் அப்புறம்.
- கோடுகள் குவிந்தால் கடைசி வீடு, விரிந்தால் முதல் வீடு.
- வரைந்தபின் நடு வீடு ஒன்றில் சரிபார்.

குழுவைக் கூட்டச் சொன்னால் மெதுவான கோட்டில்தான் கூட்ட வேண்டும். சுவருக்கு இரண்டு குழு என்றால் 3 நாளுக்கு ஒரு வீடு. இப்போது சுவர் அஸ்திவாரத்தை முந்துகிறது, இடைவெளியும் கடைசி வீட்டுக்கு மாறுகிறது! பத்தாவது அஸ்திவாரம் 40இல் முடிய, சுவர் அங்கே 42இல். முதல் வீட்டில் 15இல். கூரை அதற்கு இணைகோடாக 23இல் தொடங்கும். எல்லாம் 53 நாளில் முடியும்.

குறையையும் கேட்பார்கள். ஒரே சுவர்க் குழு இருந்த கணக்கில், நெட்வொர்க்படி முதல் வீடு 17ஆம் நாள் தயார். குழுவை நிறுத்தாத சாய்கோட்டில் 44 ஆகிறது. முதல் வீட்டை உடனே ஒப்படைக்க வேண்டுமென்றால், கூரைக் குழு காத்திருப்பதைத்தான் ஏற்க வேண்டும்.