மேலே ஸ்கூட்டர், கீழே வீடு: சார்ஜிங் பாயிண்டுக்கு வீட்டுக்காரர் சம்மதித்த கதை

குன்னூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு சரிவில் இருக்கிறது. ரோட்டிலிருந்து 38 படி இறங்க வேண்டும். வண்டி மேலே வீட்டுக்காரர் ஷெட்டில் நிற்கும், கரண்ட் கீழே வீட்டில் இருக்கும். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிய முதல் வாரம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் படி வழியே இழுத்துப் போட்டேன். மறுநாள் காலை பார்த்தால், இரவில் வந்த காட்டெருமை அதை மிதித்துவிட்டுப் போயிருந்தது. அன்றைக்கே வீட்டுக்கார ஐயாவிடம் பேசினேன்.

"வேண்டாம்மா. கரண்ட் பில் ஏறும், மழையில ஷாக் அடிக்கும்," என்றார். தட்டிக் கழிக்கச் சொன்ன பேச்சில்லை அது. இரண்டு பயமும் நியாயமானவை என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பில் விஷயத்தை முதலில் எடுத்தேன். என் சார்ஜரின் லேபிளில் 750 வாட் என்றிருந்தது. அவர் வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதில் 1000 வாட். கீசர் 2000. சரி, அதை ஒப்புக்கொண்டார். ஆனால் உண்மையான சிக்கல் வாட்டில் இல்லை. அவர் போர்ஷனுக்கும் எங்கள் போர்ஷனுக்கும் ஒரே மீட்டர். பழைய பில்களை எடுத்துப் பார்த்தபோது இரண்டு மாதத்துக்கு 450, 470 யூனிட் என்று ஓடியிருந்தது. நம் வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101-ஆவது யூனிட்டிலிருந்தே வேறு கணக்காகிவிடும். 500-க்குப் பதில் 510 ஓடினால், அந்தப் பத்து யூனிட்டுக்காக 300 ரூபாய்க்கு மேல் கூடுதலாக வரும். என் வண்டிக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதாவது 470-ஐ 510 ஆக்குவது என் வண்டிதான். வண்டிக்குப் போகும் கரண்டை மட்டும் தனியாக அளக்கும் சப் மீட்டரைப் பார்த்து "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று காசு கொடுத்தால் அவருக்கு நஷ்டம்தான் வரும்.

தனி இணைப்பு வாங்கலாம் என்றேன். வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அலைய அவருக்கு விருப்பமில்லை. அதனால் ஒரு தாளில் இப்படி எழுதினேன்: சப் மீட்டர் காட்டும் யூனிட்டை மொத்தத்தில் கழித்து, என் வண்டி இல்லாவிட்டால் பில் எவ்வளவு வந்திருக்கும் என்று பார்ப்பது, வந்த பில்லுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் நான் கொடுப்பது. காலி செய்யும்போது ஒயரும் பெட்டியும் அவருக்கு, சப் மீட்டர் எனக்கு. இந்தத் தாளைப் படித்த பிறகுதான் "எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வாம்மா" என்றார்.

வந்தவர் முதலில் ஒயரைத் தொடவே இல்லை. ஒரு குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் கொடுத்தபோது பளிச்சென்று எரிந்த பல்பு, இங்கே சிவப்பாக முனகியது. எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது என்று அர்த்தம். பல வருடமாக அந்த வீட்டில் கீசர் அப்படித்தான் ஓடியிருக்கிறது. ஐயாவின் முகம் மாறிவிட்டது. பின்பக்கம் எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் புது எர்த் குழி எடுத்தார்கள். அந்தச் செலவில் பாதியை அவரே கொடுத்தார். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் சேர்த்தோம். கரண்ட் கசிவு வந்தால் நொடிக்குள் லைனை அறுத்துவிடும்.

ஒயர் 2.5 ஸ்கொயர் எம்எம், எர்த்தோடு சேர்த்து மூன்று கோர், 24 மீட்டர் பிடித்தது. மழையில் மண் சரிந்தால் புதைத்த ஒயரும் கூடவே போகும் என்பதால், கருங்கல் தடுப்புச் சுவரின் மேல்பக்கமாகக் கனமான பைப்புக்குள் விட்டு நெருக்கமாகக் கிளாம்ப் அடித்தோம். தளர்வாக விட்டால் குரங்கு பிடித்துத் தொங்கும். ஷெட்டில் மூடி போட்ட பெட்டிக்குள் 15 ஆம்பியர் பாயிண்ட். ஒயர் பெட்டிக்கு அடிப்பக்கமாக நுழையும்படி, அதற்கு முன் கொஞ்சம் தொங்கலாக வளைத்துவிட்டார். மேகம் உள்ளே வந்து நிற்கும் நாளில் ஒயர் மேல் சேரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

முதல் பில்லில் என் சப் மீட்டர் 38 காட்டியது, மொத்தம் 492. தாண்டவில்லை. அடுத்தது டிசம்பர் குளிர், இரண்டு வீட்டிலும் கீசர் ஓயவில்லை: மொத்தம் 531, என்னுடையது 40. வித்தியாசம் 550 ரூபாய் போல வந்தது. கொடுக்கப் போனால், "எங்க கீசரும்தானேம்மா ஓடுச்சு, பாதி போதும்," என்றார். எழுதியபடியே வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா என்று முழுதாகவே கொடுத்துவிட்டு வந்தேன்.