டேப்பும் தராசும்

மார்ச் 3
உயரம் 173 செ.மீ. எடை 68.2. தொப்புளுக்கு நேராக இடுப்புச் சுற்றளவு 91. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 106, கொஞ்சம் அதிகம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 4
"உனக்கு எதுக்குடா ஜிம்? ஒல்லியாத்தானே இருக்கே" என்றாள் அக்கா. சட்டையோடு பார்ப்பவர்களுக்கு நான் ஒல்லிதான். கழற்றினால் குச்சிக் கை, உள்ளே விழுந்த மார்பு, நடுவில் தொப்பை. பி.எம்.ஐ. 22.8 என்று காட்டுகிறது. அது நார்மல்தானாம்.

மார்ச் 6
ஜிம்மில் சேர்ந்தாயிற்று. முதல் நாளே இரண்டு ஆலோசனைகள். ட்ரெய்னர், "முதல்ல பல்க் பண்ணுங்க, கூடச் சாப்பிட்டு எடைய ஏத்துங்க, உடம்புல ஒண்ணுமே இல்ல" என்றார். பக்கத்தில் டம்பெல்லோடு நின்ற அண்ணன் ஒருவர், "தொப்பைய வெச்சுக்கிட்டு பல்க்கா? கட் பண்ணுப்பா, சாப்பாட்டக் குறைச்சு கொழுப்பக் கரை" என்றார். இருவர் சொன்னதும் சரி என்றே பட்டது. அதுதான் சிக்கல்.

மார்ச் 7
தூக்கம் வரவில்லை. போன வருடத்தை நினைத்துக்கொண்டே கிடந்தேன். அப்போது எடை 73. நாளுக்கு 1,300 கலோரி, தினமும் ஒரு மணி நேரம் நடை, எடை தூக்குவது அறவே கிடையாது. மூன்று மாதத்தில் 66-க்கு வந்தேன். எல்லோரும் "இளைச்சிட்டே" என்றார்கள், எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்த நீலச் சட்டை தோளில் தொங்கியது, வயிற்றில் மட்டும் பொத்தான் இழுத்தது. குறைந்த ஏழு கிலோவில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று நான் பார்க்கவே இல்லை. கலோரியை அவ்வளவு வெட்டி, புரதமும் குறைத்து, தசைக்கு வேலையும் கொடுக்காவிட்டால் உடம்பு தசையையும் எடுத்துச் செலவழித்துவிடும். அதே உருவம்தான் மிஞ்சியது, அளவு மட்டும் சின்னதாக.

மறுபடியும் கட் என்றால் அதே கதைதானா?

மார்ச் 8
பல்க் பண்ணினால்? உபரியாகச் சாப்பிடுவதில் கொஞ்சம் தசைக்குப் போகும், மீதி தொப்பைக்கு. 91 என்பது 95 ஆகும். 106 என்ன ஆகும்?

மார்ச் 10
ஜிம் அண்ணனிடம் ரிப்போர்ட்டைத் தவிர மற்றதை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு முன்னாடி ஒழுங்கா எடை தூக்கியிருக்கியா?" இல்லை என்றேன். "அப்ப நீ ரெண்டுல எதையும் எடுக்க வேண்டாம்."

அவர் விளக்கியதை என் பாஷையில் எழுதிவைக்கிறேன். பல வருடம் பயிற்சி செய்தவனுக்குத் தசை கூட்டுவதும் கொழுப்பைக் குறைப்பதும் ஒரே நேரத்தில் நடப்பது மிகக் கஷ்டம், அதனால் அவன் காலத்தைப் பிரித்துக்கொள்கிறான். புதியவனுக்கு அப்படி இல்லை. இதுவரை வேலையே பார்க்காத தசை, சின்னத் தூண்டுதலுக்கும் வளரும். அதற்கான சக்தியில் ஒரு பகுதியை இருக்கிற கொழுப்பிலிருந்தே உடம்பு எடுத்துக்கொள்ளும். பெயர் ரீகாம்ப். மெதுவாகத்தான் நடக்கும், தராசில் அநேகமாகத் தெரியாது.

எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கு டேப்பைப் பார்க்கச் சொன்னார். இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். எனக்குப் பாதி 86.5, இருப்பது 91. அதனால் கொஞ்சமாகக் குறைத்துச் சாப்பிட்டபடி ரீகாம்ப். பாதிக்குள் இருந்திருந்தால் குறைக்காமலே தொடங்கலாம். பாதியை வெகுவாகத் தாண்டியிருந்தால் கட்தான் முதலில், அதுவும் எடை தூக்கிக்கொண்டேதான்.

மார்ச் 11
"கொஞ்சமாக" என்றால் எவ்வளவு?

மார்ச் 24
இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், சாப்பிட்டதை எல்லாம் எடைபோட்டு எழுதினேன். சராசரி 2,150 கலோரி. தினமும் காலையில் பார்த்த எடையின் வாரச் சராசரி 68.1, அடுத்த வாரம் 68.2. ஆக, எடை நிற்கிற அளவு ஏறக்குறைய 2,150. இணையக் கணக்கீட்டில் 2,400 வந்தது. அதை நம்பி 200 குறைத்திருந்தால், குறைத்ததாக நினைத்துக்கொண்டு கூடவே சாப்பிட்டிருப்பேன்.

இனி 1,950. அதிர்ச்சி புரதத்தில்தான்: நாளுக்கு 48 கிராம்தான் போய்க்கொண்டிருந்தது. கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் எனக்கு 110 வேண்டும். எப்படிச் சாப்பிட்டு முடிப்பது என்று மலைப்பாக இருக்கிறது.

மார்ச் 25
வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ, தோள் பிரஸ், ரோமேனியன் டெட்லிஃப்ட். வெறும் 20 கிலோ பாரிலேயே ஸ்குவாட்டில் கால் நடுங்கியது. எட்டு முறை, மூன்று சுற்று. மூன்றும் சுத்தமாக முடிந்தால் அடுத்த தடவை 2.5 கிலோ ஏற்ற வேண்டும். இதை நோட்டில் எழுதாமல் இருந்தால் பயிற்சியே இல்லையாம்.

மார்ச் 27
படி இறங்க முடியவில்லை.

ஏப்ரல் 4
எடை 69.0!! 200 குறைத்தும் ஏறுகிறது. இரவு சாப்பாட்டை விட்டுவிடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். கொழுப்பு அளக்கிற அந்தத் தராசில் ஏறினேன், காலையில் 24 சதவீதம், சாயங்காலம் 21. ஒரே நாளில் மூன்று சதவீதம் கரைந்ததா என்ன. அது காலில் மெல்லிய மின்சாரம் விட்டு உடம்பிலுள்ள நீரை வைத்து ஊகிக்கிற பொருள், தண்ணீர் குடித்தாலே கணக்கு மாறும். அலமாரிக்கு மேல் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 5
அண்ணன் சிரித்தார். புதிதாக எடை தூக்கினால் தசைக்குள் நீர் சேருமாம், தசை சேமித்துவைக்கிற சர்க்கரையான கிளைக்கோஜனும் கூடுமாம், முதல் சில வாரம் இப்படித்தானாம். "டேப் என்ன சொல்லுது?" 90.5. ஆனால் நேற்றிரவு அளந்தபோது 92.5! சாப்பிட்டபின் அளந்தது என் முட்டாள்தனம். இனி ஞாயிறு காலை மட்டும், ஒன்றும் குடிப்பதற்கு முன், மூச்சை இயல்பாக விட்டபின், தொப்புளுக்கு நேராக. மூன்று தடவை அளந்து நடுவில் உள்ளதை எழுதுவது.

ஏப்ரல் 9
அப்பா போனில், "உடம்பு எப்படிப்பா இருக்கு?" என்றார். நல்லா இருக்கேன்பா என்றேன்.

ஏப்ரல் 20
எடை 68.3, இடுப்பு 89.5, ஸ்குவாட் 37.5. எடை தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. தராசு மட்டும் இருந்திருந்தால் நாலு வாரம் வீண் என்று விட்டிருப்பேன்.

ஏப்ரல் 26
பெஞ்ச் பிரஸ் இரண்டு தடவையாக 30-ஐத் தாண்டவில்லை. குறைவாகச் சாப்பிடுகிறேனோ? நோட்டைப் புரட்டினேன். இரண்டு நாளும் தூக்கம் ஐந்து மணி நேரம். ஸ்குவாட்டும் ரோவும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. எல்லாமே ஒன்றாக இறங்கி, இடுப்பும் வேகமாகக் குறைந்தால் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். தூக்குகிற எடைகள் ஏறியும் இடுப்பு நாலு வாரம் அசையாவிட்டால் இன்னும் 150 கலோரி குறைக்க வேண்டும். என் நிலைமை இரண்டும் இல்லை. சீக்கிரம் தூங்கணும்.

மே 4
67.7. இடுப்பு 88.5. ஸ்குவாட் 45.

ட்ரெய்னர் இன்றும் "எப்ப பல்க்?" என்றார். இடுப்பு 86.5-க்குக் கீழே போய், பாரில் எடை ஏற்றுவதும் நின்றுபோனால் அப்போது பார்க்கலாம், அதுவும் உடம்பு வாரத்துக்கு 200 கிராம் ஏறுகிற அளவுக்குத்தான் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

மே 5
நீலச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். தோள் நிற்கிறது. பொத்தான் இன்னும் இழுக்கிறது, முன்பு அளவுக்கு இல்லை.

மே 9
நாளை மறுபடி ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட் வந்ததும் எண் எதுவாக இருந்தாலும் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும்.