எல்லா அழைப்பும் 'எடுக்கப்பட்டது', பேசியவர் யாருமில்லை

நிறுவனத்துக்கு ஒரு கட்டணமில்லா எண் வாங்கினோம். அதற்கு வரும் அழைப்பை மூன்று பேரின் கைபேசிக்குப் போகும்படி அமைப்பதுதான் என் வேலை. இந்த எண்ணுக்கு சிம் கார்டு கிடையாது. வாடிக்கையாளர் அழைத்ததும் சேவை நிறுவனத்தின் சர்வர் அதை எடுத்து, தன் பங்குக்கு நம் கைபேசிக்கு இன்னொரு அழைப்பைப் போட்டு, இரண்டையும் இணைக்கிறது. ஆக, ஒரு உரையாடலுக்கு இரண்டு அழைப்புகள். எங்கள் திட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனியாக நிமிடக் கணக்கு.

முதலில் ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் என்று வரிசையாக வைத்தேன். ஆளுக்கு 20 விநாடி. மூன்றாமவரின் போன் அடிக்கத் தொடங்கும்போது 40 விநாடி போயிருக்கும். அதுவரை எந்த வாடிக்கையாளர் காத்திருப்பார்? அதனால் மூன்று போனும் ஒரே நேரத்தில் அடிக்கும்படி மாற்றினேன். யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு அழைப்பு.

அதற்குப் பிறகுதான் விசித்திரம் தொடங்கியது. மதியத்தில் யார் போனும் அடிப்பதில்லை. ஆனால் அறிக்கையில் எல்லா அழைப்பும் 'எடுக்கப்பட்டது' என்றே இருந்தது. வாடிக்கையாளர்களோ, "யாரோ ஒருத்தர் பேரைச் சொல்லி மெசேஜ் விடச் சொல்லுதே" என்றார்கள். துப்பு அறிக்கையிலேயே இருந்தது. அந்த அழைப்புகள் எல்லாம் வந்த வேகத்திலேயே எடுக்கப்பட்டிருந்தன, எல்லாம் ஒரே ஊழியரின் எண்ணில். மதிய இடைவேளையில் அவர் போனை அணைத்துவிடுவார். அணைத்த போனுக்கு வரும் அழைப்பை அவருடைய வாய்ஸ்மெயில் உடனே எடுத்துக்கொள்ளும். எடுத்தது மனிதரா இயந்திரமா என்று சேவை நிறுவனத்தின் சர்வருக்குத் தெரியாது. யாரோ எடுத்துவிட்டார் என்று மற்ற இரண்டு போன்களையும் நிறுத்திவிடும். அணைந்து கிடக்கும் போன்தான் ஒவ்வொரு முறையும் பந்தயத்தில் ஜெயித்தது. அந்த நிமிடங்களுக்கும் பணம் கட்டியிருக்கிறோம்!

போன் கிடைக்காதபோது அழைப்பு எங்கே திருப்பப்படுகிறது என்று பார்க்க, அந்தக் கைபேசியில் `*#62#` அழுத்தச் சொன்னேன். வாய்ஸ்மெயில் எண் திரையில் வந்தது. `##002#` அழுத்தினால் எல்லாத் திருப்பமும் ரத்தாகும். ஆனால் அது அவருடைய சொந்த போன். வீட்டார் அழைப்புக்கு வாய்ஸ்மெயில் வேண்டும் என்றார், நியாயம்தான்.

ஆகவே சேவையின் அமைப்புகளில் 'எடுத்ததும் உறுதி செய்' என்பதை இயக்கினேன். இப்போது போனை எடுத்தால், "வாடிக்கையாளர் அழைப்பு, ஏற்க 1ஐ அழுத்தவும்" என்று ஒரு குரல் கேட்கும். 1 அழுத்தினால்தான் இணைப்பு. வாய்ஸ்மெயிலால் 1 அழுத்த முடியாது, அதனால் மற்ற போன்கள் அடித்துக்கொண்டே இருக்கும். அவசரத்தில் 1ஐ அழுத்த மறந்து "ஹலோ, ஹலோ" என்று கத்துவது முதல் வாரம் நடந்தது.

மாற்றியதும் ஒரு போனை அணைத்து, இன்னொன்றை விமானப் பயன்முறையில் போட்டு, வெளி எண்ணிலிருந்து அழைத்துப் பார்த்தேன். மூன்றாவது போன் அடித்தது.