சுருளை நிறுத்தி வலைக்குள் போன கதை

என் மகனுக்கு ஆறு வயது. ஏற்கெனவே வீசிங் உண்டு. பகலெல்லாம் நன்றாக ஓடியாடுவான், விடியற்காலை மூன்று மணி வாக்கில் வறட்டு இருமல் ஆரம்பித்துவிடும். டாக்டரிடம் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி கொசுவர்த்தி கொளுத்துறீங்களா?" கொளுத்துகிறோம்தான். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே வைப்போம் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சுருளில் கொசு மருந்து இருப்பது துளியளவுதான். மற்றதெல்லாம் மெதுவாகக் கனலுவதற்காகச் சேர்க்கும் மரத்தூள் போன்ற பொருள்கள். அந்தப் புகையின் நுண்துகள்கள்தான் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. ஒரு சுருள் முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்கு நுண்துகள் வரும் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அதைப் படித்த அன்றே பாக்கியிருந்த சுருள்களைத் தூக்கிப் போட்டேன்.

அடுத்து, செருகியில் மாட்டும் லிக்விட் மெஷின். புகை இல்லை, இருமலும் குறைந்தது. ஆனால் முழுதாக நிற்கவில்லை. மூடிய அறையில் இரவு முழுக்க அந்த மருந்தின் ஆவியைச் சுவாசித்துக்கொண்டிருந்தால், மூச்சுக்குழாய் எரிச்சல் உள்ள பிள்ளைக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்றார் டாக்டர். சரி, வலையே கட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முதல் இரவு படுதோல்வி. காலையில் பார்த்தால் மகனின் முழங்கையிலும் முட்டியிலும் வரிசையாகத் தடிப்பு. வலையின் உள்மூலையில் இரண்டு கொசுக்கள், வயிறு சிவந்து, பறக்கவே முடியாமல் உட்கார்ந்திருந்தன. வலையில் ஓட்டை இருக்கும் என்று தேடினேன், இல்லை. கண்ணி பெரிதோ என்று ஸ்கேலை வைத்து எண்ணினேன். ஓர் அங்குலத்துக்குக் குறுக்கே 12, நெடுக்கே 13. சதுர அங்குலத்துக்கு 156 கண்ணிகள். கொசுவலைக்கு வழக்கமாகச் சொல்லும் அளவே அதுதான், அதில் கொசு நுழையாது.

அப்புறம்தான் புரிந்தது, தப்பு இரண்டு இடத்தில். ஒன்று, வலையைக் கட்டிலைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தேனே தவிர மெத்தைக்கு அடியில் செருகவில்லை. கீழே ஒரு விரல் இடைவெளி போதும், கொசு ஊர்ந்தாவது வந்துவிடும். இரண்டாவது, அவன் உருண்டு போய் வலையோடு ஒட்டிப் படுக்கிறான். வெளியே உட்கார்ந்தபடியே கொசு கண்ணி வழியாக ஊசியைச் செருகிவிடுகிறது. தடிப்பெல்லாம் முழங்கையிலும் முட்டியிலும் இருந்ததற்குக் காரணம் அதுதான். கைகால் எட்டாத அளவுக்குப் பெரிய வலையாக மாற்றி, நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் ஒரு சாண் உள்ளே செருகினேன். மருந்து ஊட்டிய வலையில் ஒட்டி உட்காரும் கொசுவே செத்துவிடும் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதைக் கடும் வெயிலில் காயப்போட்டால் மருந்து வீரியம் இழந்துவிடும், நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

அடுத்த பிரச்சினை புழுக்கம். வலை காற்றைத் தடுக்கும், சீலிங் ஃபேன் காற்று மேலேயே பாதி அடிபட்டுப் போகும். பையன் வியர்த்துப்போய் வலையை உதைத்துத் தள்ளினான். டேபிள் ஃபேனைக் கட்டிலுக்கு வெளியே மெத்தை மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் வீசவிட்டேன், அது வலையை ஊடுருவி வந்தது. கொசு பலவீனமாகப் பறக்கும் பூச்சி, காற்றை எதிர்த்து அதனால் வர முடியாது. நம் மூச்சுக்காற்றை மோப்பம் பிடித்து வருவதும் காற்றில் கலைந்துவிடும். ஜன்னலையும் இப்போது திறந்தே வைக்கிறோம், மூச்சுக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

உடம்பில் பூசும் க்ரீமை மாலை நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். நானே பூசுவேன், கையில் கொடுக்க மாட்டேன், கண்ணைக் கசக்கிவிடுவான். படுக்கும் முன் கைகால் கழுவிவிடுவோம். (இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த க்ரீமும் வேண்டாம், வலை மட்டும் போதும்.)

இருமல் ஒரு வாரத்தில் படிப்படியாக நின்றது. இன்ஹேலரை நாங்களாக நிறுத்தவில்லை, அது டாக்டர் முடிவு. இன்னும் தீராத ஒரு தொல்லை, நடுராத்திரி பாத்ரூம் போகும்போது வலையைத் தூக்குவது. திரும்பி வந்ததும் டார்ச் அடித்து நான்கு மூலையும் பார்க்கிறேன். ஒன்றாவது உள்ளே உட்கார்ந்திருக்கும்.