பள்ளி வாசலில் உதிரி சிகரெட்

பள்ளி வாசலில் உதிரி சிகரெட் விற்கும் கடையைப் பற்றி எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நகராட்சி அதிகாரிக்கு எழுதிய கடிதத்தை இன்று கொடுத்துவிட்டோம். முதலில் "பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்றுதான் எழுதியிருந்தோம். அதை அடித்துவிட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினோம்: பள்ளி மதிலிலிருந்து கடை எத்தனை அடி, பள்ளி விடும் நேரத்தில் ஐந்து நாளும் என்ன நடந்தது. பிள்ளைகளின் பெயரோ படமோ கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன்.

எனக்கு ஆத்திரமே உதிரியாக விற்பதில்தான். பாக்கெட் வாங்கக் காசில்லாத பிள்ளையும் ஒன்று வாங்கிவிடும். பாக்கெட்டில் இருக்கும் எச்சரிக்கை அதன் கண்ணில் படவே படாது. சிறுவர்களுக்கு எட்டும் விலையாகிவிடுகிறது என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலை உடன்படிக்கை, 16வது பிரிவில், உதிரி விற்பனையைத் தடுக்க முயலச் சொல்கிறது. அதையும் சேர்த்தோம். அப்புறம், நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டுதான் திரும்பினோம்.