ஊசிக் கணக்கும் சின்னமுத்தும்: உரை முடிந்ததும் கேட்க வேண்டியவை

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு மண்டபம். குடும்ப சுகாதார உத்தியோகத்தர்கள், தோட்ட வைத்திய உதவியாளர்கள், பாடசாலை ஆசிரியர்கள், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தடுப்பூசி பற்றிய உரைகளில் அநேகமாக ஒரே மாதிரியான படம்தான் திரையில் வரும். ஒரு பக்கம் ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் எத்தனை வீதம் பிள்ளைகளுக்கு எம்.எம்.ஆர். போடப்பட்டது என்ற எண், மறுபக்கம் சின்னமுத்து கண்ட பிள்ளைகளின் தொகை. வீதம் குறைந்த பிரிவில் நோய் கூட, வீதம் கூடிய பிரிவில் நோய் குறைவு. பேசுபவர் சொல்லும் முடிவும் தயாராக இருக்கும்: ஊசி குறைந்ததால்தான் நோய் வந்தது.

முடிவு உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டு எண்கள் சேர்ந்து ஏறி இறங்கினாலே ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. அதைச் சபையில் பொதுவாகச் சொன்னால் பேசுபவர் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். எண் எங்கே பிறந்தது என்று பிடித்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் கேட்க வேண்டியது இது: "டொக்டர், இந்த வீதத்துக்குக் கீழே இருக்கிற எண் எது? ஊசி போட்ட இடத்தை வைத்து எண்ணினீர்களா, பிள்ளை வசிக்கும் இடத்தை வைத்தா?"

மலையகத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. தோட்டத்தில் கிளினிக் குறித்த நாளில்தான் நடக்கும். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ, தாய்க்குக் கொழுந்து மலையிலிருந்து வர முடியவில்லை என்றோ தவறிப்போனால், பிறகு டவுன் கிளினிக்கில் போட்டுக்கொள்வார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண் சில மாதம் அங்கேயே தங்கி அங்கேயே ஊசியும் போடுவாள். கிளினிக் அறிக்கை போட்ட ஊசியை எண்ணும். குடும்ப சுகாதார உத்தியோகத்தரின் பதிவேடு தன் பகுதிப் பிள்ளையைப் பின்தொடரும். இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒரு பிரிவில் நூறு வீதத்துக்கு மேல் எண் வந்தால் இந்தக் கலப்பு நடந்திருக்கிறது, அல்லது கீழே போட்ட பிறப்பு மதிப்பீடு பிழை. நூறைத் தாண்டாத எண்ணிலும் அதே பிழை ஒளிந்திருக்கலாம். அதுதான் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கணக்குக்காக இரண்டு பிரிவுகளை வைத்துக்கொள்வோம், ஒன்று டவுன், ஒன்று தோட்டம். இரண்டிலும் ஒரு வயதைத் தாண்டிய, மூன்று வயதில் போடும் இரண்டாவது டோஸ் இன்னும் வராத பிள்ளைகள் 1000 பேர். டவுன் கிளினிக்குகள் 1050 முதல் டோஸ்களைப் போட்டிருக்கின்றன, தோட்டக் கிளினிக்குகள் 880. படத்தில் டவுன் 105 வீதம், தோட்டம் 88 வீதம். இப்போது பதிவேட்டைத் திறந்தால், டவுனில் போட்டவற்றில் 100 ஊசி தோட்டத்துப் பிள்ளைகளுடையது என்று தெரிகிறது. அதை இடம் மாற்றினால் டவுன் 950, தோட்டம் 980. அதாவது 95 வீதமும் 98 வீதமும். பின்னால் நின்ற பிரிவு முன்னால் வந்துவிட்டது. தோட்டத்தில் நோய் கூடுதலாக இருந்ததற்கு "ஊசி குறைவு" என்ற விளக்கம் அந்த நிமிடமே விழுந்துபோகிறது. நோய் கூடியது உண்மை, காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

இதே 88 இன்னொரு இடத்திலும் வந்து குழப்பும். சபையில் யாராவது ஒருவர் எழுந்து, "சின்னமுத்து வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஊசி போட்டவர்கள்தானே, பிறகு ஊசியால் என்ன பயன்?" என்று கேட்பார். கேள்வியில் பிழையில்லை, பதில் மேலோட்டமாக இருப்பதுதான் வழக்கம். ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் காட்டலாம்.

ஒன்பது மாதத்தில் போடும் ஒரு டோஸ் ஏறத்தாழ 85 வீதப் பாதுகாப்புத் தரும். பாதுகாப்பே இல்லாத பிள்ளை நோயாளியோடு நெருங்கிப் பழகினால் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் தொற்றும். நமது தோட்டப் பிரிவில் 980 பேர் ஊசி போட்டவர்கள், 20 பேர் போடாதவர்கள். எல்லோரையும் நோய் எட்டியது என்று வைத்தால், போடாத 20 பேரில் 18 பேருக்கு வரும். போட்ட 980 பேரில் பாதுகாப்புக் கிடைக்காத 147 பேர் இருப்பார்கள், அவர்களில் 132 பேருக்கு வரும். மொத்த நோயாளிகள் 150. அதில் 132 பேர், அதாவது 88 வீதம், ஊசி போட்டவர்கள். ஊசி நன்றாக வேலை செய்தும் இப்படித்தான் வரும், ஏனென்றால் ஊரே ஊசி போட்ட ஊர். பார்க்க வேண்டியது நோயாளிகளில் எத்தனை பேர் போட்டவர்கள் என்பதையல்ல. போடாதவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு வந்தது, போட்டவர்களில் நூற்றுக்கு 13 அல்லது 14 பேருக்கு வந்தது. அதுதான் ஒப்பீடு.

இதை ஊசியின் பலனைக் கணிக்கும் குறுக்கு வழியாகவும் பயன்படுத்துவார்கள். நோயாளிகளில் போட்டவர்களைப் போடாதவர்களால் வகுங்கள்: 132ஐ 18ஆல் வகுத்தால் 7.33. ஊரில் போட்டவர்களைப் போடாதவர்களால் வகுங்கள்: 980ஐ 20ஆல் வகுத்தால் 49. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.15. ஒன்றிலிருந்து கழித்தால் 0.85, நாம் தொடங்கிய அதே 85 வீதம்.

சரி, இப்போது திருத்தாத படத்தின் 88 வீதத்தை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஊரில் போட்டவர் 880, போடாதவர் 120. வகுத்தால் அதுவும் 7.33. இரண்டும் சமம், ஒன்றிலிருந்து ஒன்று கழிந்தால் பூச்சியம். ஊசிக்குப் பலனே இல்லை என்று கணக்குச் சொல்கிறது! நோயாளி ஒருவரும் மாறவில்லை, ஊசியும் மாறவில்லை. 100 பிள்ளைகளின் ஊசி வேறு கிளினிக்கின் பெயரில் எழுதப்பட்டது மட்டும்தான் நடந்தது. அதனால்தான் வீதத்துக்குக் கீழே இருக்கும் எண்ணை முதலில் கேட்கச் சொல்கிறோம். வீதம் உயர உயர இந்தக் குறுக்கு வழி மிக நொய்மையாகிவிடும்.

சிறிய எண்ணும் அப்படித்தான். தோட்டத்தில் நோய் பத்தில் ஒரு பங்கு பிள்ளைகளை மட்டும் எட்டி, 15 பேருக்கு வந்தது, 13 பேர் போட்டவர்கள், 2 பேர் போடாதவர்கள் என்றால் பலன் 87 வீதம் என்று வரும். அந்த இருவரில் ஒருவருடைய கிளினிக் புத்தகம் மழையில் நனைந்து போயிருந்தது, தாய் "போட்டேன்" என்கிறார் என்று அவரைப் போட்டவர் பக்கம் எழுதினால் 71 வீதமாக இறங்கும். ஆகவே பேசுபவரிடம், "ஊசி போட்டதாக எழுதியது புத்தகத்தைப் பார்த்தா, வாய்மொழியாலா? எதுவும் தெரியாதவர்களை எந்தப் பக்கம் சேர்த்தீர்கள்?" என்று கேட்பது நுணுக்கம் காட்டுவதற்கல்ல.

அடுத்தது காலவரிசை. சின்னமுத்து தொற்றிய பிறகு தடிப்பு வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதனால் ஊசி போட்ட நாளுக்கும் தடிப்பு வந்த நாளுக்கும் இடையில் 14 நாளாவது கடந்திருந்தால்தான் அவரை "போட்டவர்" என்று எண்ணுவது முறை. லயனில் ஒரு பிள்ளைக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிப்போய்த் தங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொள்வார்கள். அவர்களில் சிலருக்கு அதற்கு முன்பே தொற்றியிருக்கும். தடிப்பு சில நாளில் வரும், ஊர் "ஊசியால்தான் வந்தது" என்று பேசும். ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் கழித்து இலேசான காய்ச்சலும் தடிப்பும் ஊசியாலேயே சிலருக்கு வருவதுண்டு என்பதும் இதோடு கலந்துவிடும். ஆய்வுகூடத்தில் உறுதிசெய்த நோயாளி எத்தனை, காய்ச்சலும் தடிப்பும் மட்டும் பார்த்து எழுதியவர் எத்தனை என்று பிரித்துக் கேட்க வேண்டியது இதனால்.

பிரிவு அளவிலும் காலவரிசை தலைகீழாகலாம். நோய் பரவிய இடத்தில் விடுபட்டவர்களைத் தேடிப் பிடித்து ஊசி போடுவார்கள், அந்த ஆண்டின் வீதம் ஏறும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நோயும் கூட, ஊசியும் கூட. மாதவாரியாகக் கேட்டால்தான் எது முந்தியது என்று தெரியும்.

நோயாளிகளின் வயதைக் கேட்காமல் விடக்கூடாது. நமது நாட்டிலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. 2011இல் எம்.எம்.ஆர். வந்தபோது சின்னமுத்துக்கான முதல் டோஸ் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குத் தள்ளப்பட்டது. 2013, 2014 பரவலில் ஒரு வயது நிறையாத குழந்தைகளும் இளம் வயதினரும் நிறையப் பாதிக்கப்பட்டார்கள். பிறகு முதல் டோஸ் மறுபடி ஒன்பது மாதத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அந்தக் குழந்தைகளைப் பொறுத்தவரை அவர்களது பிரிவின் ஏற்றல் வீதம் 99ஆக இருந்தாலும் 89ஆக இருந்தாலும் அவர்கள் இன்னும் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. நம் தோட்டப் பிரிவின் நோயாளிகளும் ஒன்பது மாதத்துக்குக் கீழே, அல்லது கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வந்த இளைஞர்கள் என்று வந்தால், பிள்ளைகளின் வீதத்தோடு அதை ஒப்பிடுவதில் பொருளில்லை.

கடைசியில் வருவது கடினமான கேள்வி. கிளினிக்குக்கு ஒழுங்காக வரும் குடும்பமும் வராத குடும்பமும் ஊசியில் மட்டும் வேறுபடுவதில்லை. ஒரு காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள், டிவிஷன் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விடுகிறார்களா பாட்டியிடம் விடுகிறார்களா என்பதெல்லாம் சேர்ந்தே மாறும். சின்னமுத்து காற்றில் பரவுவது, நெருக்கடி அதற்கு நேரடிக் காரணம். எனவே பிரிவுக்குப் பிரிவு ஒப்பிடாமல், ஒரே லயனுக்குள், ஒரே பிள்ளை மடுவத்துக்குள் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நெருக்கடி இருவருக்கும் ஒன்றுதான், அப்போதும் வித்தியாசம் நின்றால் அது ஊசியின் வேலை என்று சொல்லத் துணிவு வரும்.

அதற்கும் மேலே ஒரு சோதனை உண்டு. ஊசியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அடுப்பில் சுட்டுக்கொள்வது, விழுந்து கையை முறித்துக்கொள்வது. "டொக்டர், ஊசி போட்ட பிள்ளைகளிடம் இவையும் இதே அளவு குறைவாக இருந்தனவா?" குறைவு என்றால், அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு ஊசியால் அல்ல, கவனித்து வளர்க்க வசதியுள்ள வீட்டால் வந்தது. சமமாக இருந்து சின்னமுத்து மட்டும் குறைந்திருந்தால் காரணம் ஊசியின் பக்கம் சாய்கிறது. இதற்கு வயிற்றோட்டத்தை எடுத்துக்கொள்வது சரிவராது, சின்னமுத்து வந்த பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து வயிற்றோட்டமும் வருவதால் ஊசியே அதையும் குறைத்துவிடும்.

கேள்வி நேரம் எப்போதும் குறுகியது, ஒலிவாங்கி ஒருவர் கையில் ஒரு தரம்தான் வரும். ஒன்றுதான் கேட்க முடியும் என்றால் எண்ணின் கீழ்ப்பகுதியைக் கேளுங்கள். "கைவசம் இல்லை" என்று பதில் வந்தால் தேநீர் வேளையில் அவரிடம் ஒரு டிவிஷனின் பெயரைச் சொல்லி, அந்த டிவிஷனின் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் பதிவேட்டில் உள்ள பிள்ளைகளின் தொகையையும் கிளினிக் அறிக்கையில் உள்ள ஊசிகளின் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு டிவிஷன் என்றால் ஒரு பிற்பகல் வேலை.